ஓடாவியின் பெட்டியும் வீட்டின் பலகையும்

காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில், சம்மாந்துறைக்கு முன்னால், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மாவடிப்பள்ளி. இங்கு ஒரு வீட்டின் பின்வளவில் உள்ள பட்டறை மாலில் நாலடிக்கு நாலடி வெள்ளைப் பலகை ஒன்று சுவரில் நிற்கிறது. அதில் சுத்தியல், வாள், உளி, குறடு என்று தொழிற் சாமான்கள் தொங்குகின்றன. ஒன்றைக் கையில் எடுத்தால், அது இருந்த இடத்தில் அதே வடிவத்தில் கறுப்பு நிழல் ஒன்று தெரியும். வேலை முடிந்ததும் அந்தக் கறுப்பை மூட வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

அந்தப் பலகையைச் செய்தவர் எனக்கு மச்சான் முறை. அவருடைய வாப்பா ஊரறிந்த ஓடாவி. வாப்பாவின் பெட்டிக்கும் மகனின் பலகைக்கும் இடையே சாமான்களின் கணக்கு எப்படி மாறியது, எது கூடியது, எது குறைந்தது என்பதை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

பெட்டிக்குள் இருந்த கணக்கு

முன்பு ஓர் ஓடாவியின் முழுத் தொழிலும் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கியது. பெரிய வாள் ஒன்று, சின்ன வாள் ஒன்று, கால் அங்குலம் தொடங்கி ஒன்றரை அங்குலம் வரை சில உளிகள், கொட்டாப்புளி, நீளச் சீவுளி, கட்டைச் சீவுளி, மூலைமட்டம், துறப்பணம், இரண்டு அரம், தீட்டுகல், சுண்ணாம்பில் தோய்த்துக் கோடு அடிக்கும் நூல். முப்பது சாமானைத் தாண்டினால் அது பெரிய பெட்டி.

அந்தப் பெட்டிக்குப் பட்டியல் இல்லை. அடுக்கும் முறைதான் பட்டியல். அடியில் சீவுளிகள் படுக்கும். அவற்றின் மேல் துணியில் சுற்றிய உளிகள். வாள் மூடியின் உட்புறத்தில், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே செருகப்பட்டிருக்கும். மூலைமட்டம் கடைசியாக ஓரத்தில் இறங்கும். அந்த ஒழுங்கு தவறினால் மூடி சரியாகப் படியாது. ஏதாவது ஒன்று குறைந்தால் பெட்டியைத் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். பின்னேரம் வேலை முடிந்து பெட்டியை அடுக்குவதே அன்றைய கணக்கெடுப்பு. ஓர் உளி வரவில்லை என்றால், வேலை செய்த வீட்டின் சிராய்க் குவியலைக் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார்.

இந்த முறை நன்றாக நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெட்டியைத் தொட்டது ஒரே ஒரு கை. வீட்டில் பிள்ளைகளுக்கு அது விலக்கு. "வாப்பாட பெட்டியத் தொடாத" என்பது உம்மாவின் நிரந்தரக் கட்டளை. அயலவர் இரவல் கேட்டால் சுத்தியல் போகும், வாள்கூடப் போகும். உளியும் சீவுளியும் போகாது. யார் எதை எடுத்தார் என்பது அவருடைய மனதில் இருந்தது. முப்பது சாமானுக்கும் இரண்டு மூன்று இரவலுக்கும் மனம் போதும்.

இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இன்னொரு வழக்கமும் பெட்டிக்குப் பொருந்தியது. இங்கு வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடிந்த ஆண், மனைவியின் வீட்டில் போய் இருப்பான். ஆகவே ஆணின் தொழிற் சாமான் ஒரு வீட்டின் சுவரில் வேர் விட முடியாது. அது பெட்டியாக இருந்து அவனோடு போனது. மகள் பெரியவளாகி அந்த வீடும் அவளுக்கென்று ஆகும்போது, தாயும் தகப்பனும் வளவின் இன்னொரு மூலைக்கோ வேறு வீட்டுக்கோ மாறுவார்கள். பெட்டி மறுபடியும் இடம் மாறும்.

ஒருவர் மட்டும் தொடும் பெட்டி என்ற முறையை அதன் உச்சிக்குக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குவின்சி ஊரில் வாழ்ந்த பியானோத் தொழிலாளி ஹென்றி ஸ்டட்லி. 1838இல் பிறந்து 1925இல் இறந்த அவர் செய்த சுவர்ப்பெட்டி, மூடினால் ஏறத்தாழ 39 அங்குல உயரமும் 20 அங்குல அகலமும்தான். அதற்குள் ஏறத்தாழ 300 சாமான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதன் உடம்புக்கு அளவெடுத்துச் செதுக்கிய இடம். ஒரு தட்டைத் திறந்தால் அதன் பின்னால் இன்னொரு தட்டு. எதை எடுக்க முதலில் எதை விலக்க வேண்டும் என்பது ஸ்டட்லிக்குத் தெரியும். பார்த்து வியக்கலாம், ஆனால் அவர் இல்லாதபோது அதிலிருந்து ஓர் அரத்தை எடுத்து வேலை செய்துவிட்டுத் திரும்ப வைக்க, முன்பின் அறியாத ஒருவர் திணறிப்போவார். நம் ஓடாவியின் பெட்டிக்கும் ஸ்டட்லியின் பெட்டிக்கும் அளவில் எவ்வளவோ தூரம். இரண்டிலும் கணக்கு ஒருவர் மனதில் மட்டும் இருந்தது.

மனதுக்குள் அடங்காமற் போனபோது

2004 டிசம்பர் 26இன் சுனாமி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று இந்தக் கரையை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு வந்த ஆண்டுகள் வீடு கட்டும் ஆண்டுகள். அந்தக் காலத்தில்தான் மின் ஆயுதங்கள் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் தாராளமாக வரக் கண்டேன். கிரைண்டர் வந்தது, ட்ரில் வந்தது, அதற்கு ஒரு பெட்டி நிறைய அலகுகள் வந்தன. ஸ்பானர்கள் தனியாக வராமல் தொகுதியாக வந்தன. மோட்டார் சைக்கிளும் கை உழவு இயந்திரமும் வீட்டுக்கு வீடு ஆனபோது, அவற்றின் சில்லறைத் திருத்த வேலைகளும் வீட்டுக்கு வந்தன. குழாய் வேலைக்கான சாமான், மின்சார வேலைக்கான சாமான், மேசன் வேலைக்கான சாந்தகப்பையும் ரசமட்டமும் ஒரே இடத்தில் குவிந்தன.

தொடும் கைகளும் பெருகின. என் மச்சானுக்குப் பகலில் அலுவலக வேலை. பட்டறை பின்னேரத்துக்கும் விடுமுறைக்கும் உரியது. அவர் இல்லாத நேரத்தில் தண்ணீர்க் குழாய் கசிந்தால் அவருடைய மனைவி குறட்டை எடுப்பார். மகன் சைக்கிள் சங்கிலியைக் கழற்றுவான். வயலுக்குப் போகும் வழியில் அயலவர் ஒருவர் வந்து, "காக்கா, பதிமூணு ஸ்பானர ஒருக்காத் தாங்க" என்பார். எடுத்தவர் எல்லாரும் நல்லவர்கள்தான். எங்கே திருப்பி வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இடத்தில் வைத்தார்கள்: குசினி யன்னல் படியில், மோட்டார் சைக்கிள் இருக்கையின் அடியில், சீமெந்துச் சாக்கின் மேல்.

விளைவு, ஒரே சாமானை இரண்டு தரம் வாங்குவது. எல்லாவற்றையும் ஒருநாள் வெளியே எடுத்தபோது அந்த வீட்டில் டேப் நான்கு இருந்தன, பத்து மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்றுகூட இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் வேலைக்கு அதிகம் தேவைப்படுவதும் அடிக்கடி தொலைவதும் அதுதான்.

நிழலை வரைந்தவர்கள்

வெளிக்கோடு வரைந்து வைக்கும் பழக்கத்துக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒரு குசினியில் இருக்கிறது. அமெரிக்கச் சமையற் கலைஞர் ஜூலியா சைல்ட், 1961இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் குடியேறிய வீட்டில், அவருடைய கணவர் பால் சைல்ட் துளைப்பலகையைச் சுவரில் அடித்து, ஒவ்வொரு சட்டியையும் தொங்கவிட்டு அதன் வெளிக்கோட்டை வரைந்தார். எந்தச் சட்டி எந்த இடத்துக்கு என்பதை யார் வந்தாலும் பார்த்தே வைக்கலாம். 2001இல் ஜூலியா அந்தக் குசினியை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்றைக்கும் அதை அங்கே பார்க்கலாம்.

விமானங்களைப் பழுதுபார்க்கும் இடங்களில் இதே முறை உயிர் காக்கும் முறை. மறந்துபோன ஒரு சிறு ஸ்பானர் இயந்திரத்துக்குள் கிடந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இரண்டு நிற நுரைத்தட்டில் ஒவ்வொரு சாமானின் வடிவத்தையும் வெட்டி வைக்கிறார்கள். மேலே கறுப்பு, அடியில் பளிச்சென்ற நிறம். ஒன்று குறைந்தால் அந்த நிறம் கண்ணில் குத்தும். எல்லாம் திரும்பி வந்த பிறகே விமானம் கிளம்பும்.

இலங்கைக்கு இந்தப் பார்வை பெரும்பாலும் ஜப்பானியரின் ஐந்து ‘எஸ்’ ஒழுங்குமுறையோடு வந்தது. வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் கொடு, துப்புரவாக்கு, அதையே நியதியாக்கு, விடாமற் கடைப்பிடி என்பவை அதன் ஐந்து படிகள். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில் வைத்தியர் விமல் கரந்தகொடவின் தலைமையில் இது தொடங்கியது. பிறகு 2007இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு ஒரு திட்டம் தொடங்கியபோது, இந்த வைத்தியசாலையையே முன்மாதிரியாகக் காட்டியது. நாட்டின் அரசாங்க அலுவலகங்களில் கோப்புக்கும் கதிரைக்கும் ஒட்டியிருக்கும் அடையாளத் துண்டுகள் அந்த வழியில் வந்தவை. என் மச்சானும் அலுவலகத்தில் அதைக் கற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பலகை உருவான விதம்

முதல் வேலை, பலகைக்குக் கை வைக்காமல் எல்லாச் சாமான்களையும் முற்றத்தில் ஒரு தறப்பாளின் மேல் பரப்பியது. அவற்றை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். மாதத்தில் ஒருமுறையாவது கையில் எடுப்பது ஒரு குவியல். வருடத்தில் ஓரிரு தரம் தேவைப்படுவது இரண்டாவது. உடைந்ததும், மற்றவர்களிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்க மறந்ததும் மூன்றாவது. மூன்றாவது குவியலில் இருந்த அயலவர் சாமான்கள் அன்றைக்கே அவரவர் வீட்டுக்குப் போயின. இரண்டாவது குவியல் பெட்டிக்குள் போனது. முதற் குவியலில் நின்ற நாற்பது சாமான்களுக்கு மட்டும் பலகை. எல்லாவற்றையும் தொங்கவிட நினைக்கும் பலகை நெருக்கத்தாலேயே கெட்டுப்போகும்.

பன்னிரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளைவுட்டில் எட்டுக்கு நாலு தாள் ஒன்றை வாங்கிப் பாதியாக அறுத்தார்கள். முன்னும் பின்னும் விளிம்பும் பெயின்ட் பூசினார்கள். முகத்துக்கு வெள்ளை. சுவரில் நேராக அடிக்கவில்லை. மூன்று சட்டங்களை முதலில் பூட்டி அவற்றின்மேல் பலகையை ஏற்றினார்கள். சுவருக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி இருந்தால் சுவரின் ஈரம் பலகையில் ஏறாது, கறையான் வந்தாலும் மண்கோடு பக்கவாட்டில் தெரியும். ஆணி அடிக்காமல் திருகாணியால் பூட்டியதற்கு வேறு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுவரில் ஏற்றுவதற்கு முன்பே இடம் பிரித்தாயிற்று. பலகையை நிலத்தில் கிடத்தி அதன்மேல் சாமான்களை வைத்துப் பார்த்தார்கள். பாரமானவை நெஞ்சு உயரத்தில். வாள்கள் ஒரு பக்க ஓரத்தில், பல் சுவர்ப் பக்கம் பார்க்க. அளக்கிற சாமான்கள் எல்லாம் ஒரே வரிசையில். இரண்டு சாமானுக்கு நடுவே கை நுழைந்து பிடிக்க இடம் வேண்டும். சுத்தியலை எடுக்கும்போது பக்கத்துக் குறடு விழுந்தால், அந்தச் சுத்தியலை யாரும் திருப்பி அங்கே மாட்டமாட்டார்கள். மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதற்குப் பிறகு வரும் படியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கிடத்திய நிலையிலேயே கோடு வரைந்துவிட்டால் வரைந்தது பொருந்தாது. தொங்கும் சாமான் தன் பாரத்துக்கு ஏற்பச் சற்றுச் சாய்ந்து நிற்கும். குறடு வாய் திறக்கும். மூலைமட்டம் ஒரு பக்கம் சரியும். ஆகவே முதலில் கொக்கியை அடித்து, பலகையை நிறுத்தி, சாமானைத் தொங்கவிட்டு, அது தானாக நிலைகொண்ட பின்பே கோடு வரைய வேண்டும். சுத்தியலுக்கு இரண்டு ஆணி, தலையைத் தாங்க. மூலைமட்டத்துக்கு ஒன்று மேலே, சரியாமல் தடுக்க ஒன்று பக்கத்தில்.

சீவுளி போல உயரமான சாமானைச் சுற்றிப் பென்சில் ஓட்டினால் கோடு விலகி, உருவம் பெருத்துவிடும். அதற்குப் பழைய கலண்டர் அட்டையில் சாமானை வைத்து வரைந்து, கோட்டுக்கு உள்ளே இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டு வெட்டி, அந்த அட்டையைப் பலகையில் வைத்து நிழலைத் தீட்டினார்கள். நிழல் சாமானை விடச் சற்றுச் சிறியதாக இருப்பது நல்லது. சாமான் இருக்கும்போது கறுப்பு துளியும் தெரியாது; இல்லாதபோது முழுவதும் தெரியும். வெறும் கோடாக வரைந்தால் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். நிரப்பிய நிழல் மால் வாசலில் நின்றே தெரியும். விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிறவரின் கண்ணில் அது படவேண்டும்.

ஸ்பானர்களுக்கு நிழல் உதவாது. பன்னிரண்டும் பதிமூன்றும் ஒரே முகம். எனவே படிப்படியாகக் கீறிய ஒரு மரச்சட்டத்தில், ஒவ்வொரு வெட்டின் கீழும் எண் எழுதி அவற்றைச் செருகினார்கள். ட்ரில் அலகுகளுக்கு ஒரு கட்டையில் துளைகள், ஒவ்வொரு துளையும் அந்தந்த அலகாலேயே போட்டது. பெரிய அலகு சிறிய துளைக்குள் இறங்காது. சிறிய அலகு பெரிய துளைக்குள் இறங்கிவிடும். ஆனால் அங்கே அது ஆடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாகக் கொப்பி. ஒவ்வொரு நிழலுக்கும் ஓர் எண் உண்டு. சீ.ஆர். கொப்பி ஒன்றில் அந்த எண், சாமானின் பெயர், அளவு, வாங்கிய ஆண்டு ஆகியவற்றை எழுதினார்கள். நிழல் என்ன குறைகிறது என்று சொல்லும். அதே சாமானைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் எந்த அளவு என்று கொப்பிதான் சொல்லும்.

இரவலுக்கும் ஓர் ஏற்பாடு. பழைய பெரிய தொழிற்சாலைகளில், தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துச் சாமானை எடுப்பார். வில்லை சாமானின் இடத்தில் தொங்கும். மாவடிப்பள்ளிப் பலகையில் மரச்சிராய்த் துண்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. எதிர்வீடு, வட்டை, மாமா வீடு என்று எழுதிய துண்டுகள் ஓர் ஆணியில் கோத்துக் கிடக்கும். சாமான் போகும்போது அதன் கொக்கியில் துண்டு ஏறும். இரவல் வாங்கியது அமானிதம் என்பது எல்லாருக்கும் தெரிந்த மார்க்கம்தான். மறதி மட்டும் குறுக்கே நிற்கும். துண்டைக் கொக்கியில் மாட்டுகிறவர் இரவல் வாங்குகிறவரே என்று வைத்ததால், அவருக்கும் அது நினைவில் தங்குகிறது. கேட்க வேண்டிய சங்கடம் வீட்டாருக்கும் குறைகிறது.

பலகை சொல்லத் தவறுவது

பலகை வந்த பின்பு எல்லாம் சுகம் என்று எழுதினால் அது உண்மையாகாது. சாமான் இருக்கிறதா என்று மட்டும்தான் பலகை சொல்லும். எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. முனை மழுங்கிய உளியும் தன் நிழலை ஒழுங்காக மூடிக்கொண்டு தொங்கும். மகன் அந்த உளியால் பெயின்ட் டின் திறந்துவிட்டு மறுபடி மாட்டியிருந்தால், பலகை நிறைந்தே தெரியும். வாப்பாவின் பெட்டியில் அப்படி நடக்க வழியில்லை. ஒவ்வொரு பின்னேரமும் உளி ஒவ்வொன்றும் அவர் கையால் துடைக்கப்பட்டுத்தான் துணிக்குள் போனது. துடைக்கும் விரலுக்கு முனையின் பழுது தெரிந்தது. கண்ணால் எடுக்கும் கணக்கு விரைவானது, பலருக்கும் பொதுவானது. கையால் எடுத்த கணக்கு ஆழமானது. இன்று கைவிட்டுப் போனது அந்த ஆழம். அதை ஈடுசெய்ய மச்சான் தீட்ட வேண்டியவற்றுக்கு ஒரு சிவப்புத் துண்டு வைத்திருக்கிறார். உளியைப் பழுதாக்கியவர் தானே சிவப்பை மாட்ட வேண்டும். பெரும்பாலும் மாட்டுகிறார்கள். ஆனாலும் மாதம் ஒருமுறை எல்லா முனையையும் அவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டித்தான் இருக்கிறது.

இன்னொரு பழுது மெதுவாக வரும். பழைய சுத்தியல் உடைந்து புதிதாக ஒன்று வாங்குகிறோம். அதன் தலை வேறு வடிவம். நிழலின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றுதானே என்று விடுவோம். பிறகு குறடு மாறும், டேப் மாறும். ஒரு வருடத்தில் பலகையெங்கும் கறுப்பு ஓரங்கள் தெரியத் தொடங்கும். அப்போது உண்மையாகவே ஒன்று குறைந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஒரு பலகை செத்துவிட்டதா என்று அறிய இதுவே வழி: எல்லாச் சாமானும் மாட்டிய பிறகும் கறுப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்காகச் சின்ன வெள்ளை டின் ஒன்றும் கறுப்பு டின் ஒன்றும் பலகையின் கீழேயே இருக்கின்றன. சாமான் மாறிய கிழமையே நிழலும் மாற வேண்டும் என்பது அந்த வீட்டின் நியதி.

மூன்றாவது, கறள். கடற்காற்றும் வயற்காற்றும் சேர்ந்து வீசும் இந்த ஊரில் திறந்த வெளியில் தொங்கும் இரும்பு, மூடிய பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் கிடக்கும் இரும்பை விட விரைவாகக் கறள் பிடிக்கும். இந்த ஒரு விடயத்தில் வாப்பாவின் பெட்டியே மேல். வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை, மச்சான் உளிகளையும் சீவுளி அலகுகளையும் பலகையிலிருந்து இறக்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி, வாப்பாவின் அந்தப் பழைய பெட்டியில் வைத்துவிடுகிறார். அவற்றின் கொக்கிகளில் ‘பெட்டி’ என்று எழுதிய துண்டுகள் தொங்கும். பெரும்போகத்து வயல் பச்சையாக நிற்கும் மாதங்களில் அந்தப் பலகையின் ஒரு மூலை துண்டுகளாலேயே நிறைந்திருக்கும்.

வெள்ளம் வேறு கதை. மாவடிப்பள்ளி பள்ளத்து வயலோடு ஒட்டிய ஊர். 2024 நவம்பரில் காரைதீவு வீதியின் மேல் வெள்ளம் பாய்ந்தபோது, மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அதில் அடிபட்டுப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அந்தத் துயரத்துக்கு முன்னால் சாமான் கணக்குப் பேச எனக்கு மனம் கூசுகிறது. ஆனாலும் வெள்ளம் வரும் ஊரில் பட்டறை வைத்திருப்பவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பலகையின் கீழ் விளிம்பு இடுப்புக்கு மேல் இருக்க வேண்டும். மின் ஆயுதங்களின் தட்டு அதற்கும் மேலே. அவசரத்தில் சாமான்களை அள்ளி வேறு இடத்துக்கு ஏற்றினாலும், தண்ணீர் வடிந்த பின் எது திரும்பவில்லை என்பதை நிழல்கள் ஒரு பார்வையில் காட்டும். பெட்டி அள்ளுண்டு போனால் அந்தக் கணக்கையும் நினைவிலிருந்துதான் எழுப்ப வேண்டும்.

யாருடைய சாமான்

பெட்டிக்கும் பலகைக்கும் நடுவே நடந்த பெரிய மாற்றத்தை இப்போது சொல்லலாம். அன்று தொழிற் சாமான் ஓர் ஆணின் உடைமை. அவன் வந்தால் வந்தது, போனால் போனது. கணக்கும் அவனோடு வந்து அவனோடு போனது. வாப்பா மௌத்தான பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தபோது, இரண்டு சாமான்கள் எதற்கு என்று மகனுக்கே விளங்கவில்லை. யாருக்கு என்ன இரவல் கொடுத்திருந்தார் என்றும் தெரியவில்லை. சிலர் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவை அவருடைய நினைவோடு போயின.

இன்று அந்தப் பலகை வீட்டுக்குச் சொந்தம். குழாய் கசிந்தால் மச்சானின் மனைவி எந்தக் குறடு என்று யாரையும் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் தேடாமல் திருப்பி மாட்டுகிறார். மூத்த மகள் பத்து மில்லிமீற்றர் ஸ்பானருக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மரச்சட்டத்தில் இருந்தே படித்தாள். பெட்டி இருந்த காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு இந்த அறிவு கிடைக்க வழியே இருக்கவில்லை. யாரும் வேண்டுமென்று தடுக்காவிட்டாலும், மூடியிருந்த பெட்டி தடுத்தது.

திருகாணியின் காரணமும் இங்கேதான் வருகிறது. வழக்கப்படி இந்த வீடு ஒருநாள் மூத்த மகளுக்குப் போகும். பலகையும் சட்டங்களும் திருகாணியால் பூட்டியிருப்பதால் அரை மணித்தியாலத்தில் கழற்றிப் புதிய இடத்தில் மாட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் செய்தார். இப்போது அவருடைய எண்ணம் மாறியிருக்கிறது. வாப்பாவின் உளிகளையும் பெட்டியையும் மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு, பலகையையும் கொப்பியையும் வீட்டோடு விட்டுவிடப் போகிறாராம். மகளுக்கு அது தெரிந்த பலகை. வருகிற மருமகனுக்கு எந்தச் சாமான் எங்கே என்று அவளே காட்டுவாள்.

சீதன வீட்டுக்குள் தொழிற் சாமானோடு வருவது மாப்பிள்ளையின் பங்கு என்றிருந்த கரை இது. சாமானும் அதன் கணக்கும் பெண்ணின் வீட்டில் ஏற்கெனவே இருக்க, மாப்பிள்ளை அதைக் கற்றுக்கொள்வது புதிது. அந்த வேலையை ஓர் அரைத் தாள் பிளைவுட்டும் ஒரு டின் கறுப்புப் பெயின்ட்டும் ஒரு கொப்பியும் செய்திருக்கின்றன. மற்ற வீடுகளும் பலகை செய்யப் புறப்பட்டால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நிழலைத் தீட்டும் நாளில் வீட்டில் உள்ள எல்லாரையும் பக்கத்தில் இருத்தி, எது எங்கே தொங்க வேண்டும் என்று அவர்களையும் சொல்லவிடுங்கள். இடத்தைத் தாமே தீர்மானித்தவர்கள்தான் சாமானைத் திருப்பி அங்கே வைப்பார்கள்.